வாளியோடு போன மாமா

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எதுவும் எழுதல. ஆணி அதிகம்னு வழக்கமான பொய்யைச் சொல்லலாம். உண்மை என்னன்னா, ஒன்பது வினாடி வீடியோவோட பதினோரு ராத்திரி மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். அந்தக் கதைதான் இது. பொட்டியில் வீடியோ வெட்டி ஒட்டுற ஆசாமிகள் யாராவது இருந்தா உபயோகப்படலாம், மத்தவங்க மாமாவுக்காகப் படிங்க.

2022 மே மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப அத்தை பாடின ஒரு தாலாட்டைப் பதிவு பண்ணினேன். திருநெல்வேலிப் பக்கம் பழைய வீடு. நடுவுல முத்தம், சுத்தி நாலு மரத்தூண், சிவப்புச் சாந்துத் தரை. அத்தைக்கு அப்ப 78 வயசு. பாடச் சொன்னா "போல, எனக்குத் தொண்ட கட்டிருக்கு"ன்னு மூணு நாள் இழுத்தாங்க. நாலாவது நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, தானாவே வந்து தூணுக்கு இந்தப்பக்கம் பக்கவாட்டுல உட்கார்ந்து "எடுக்கியா இல்லியா?"ன்னாங்க. கேமராவை ஸ்டாண்டுல வச்சேன், ஃபோகஸையும் வெளிச்சத்தையும் கையால பூட்டினேன், பொத்தானை அமுக்கிட்டுத் தள்ளி நின்னேன். ரெண்டு நிமிஷம் பத்து வினாடி. ஒரே டேக். ரெண்டாவது தடவை கேட்டதுக்கு முறைச்சாங்க.

அதுல 1:12ல, இடதுபக்கம் அடுக்களை வாசல்ல இருந்து மாமா வர்றார். மேல் துண்டு, வெள்ளை வேட்டி, கையில் ரத்தச் சிவப்புல ஒரு பிளாஸ்டிக் வாளி. மாட்டுக்குத் தண்ணி. முத்தத்து வெயிலைக் கடந்து, தூண் பக்கம் ஒரு நொடி நின்னு கேமராவைப் பார்த்து, "ஓ, படம் எடுக்கானா"ன்னு புரிஞ்சுக்கிட்டு, பூனை மாதிரி அடியெடுத்து வச்சு, அத்தை தலைக்குப் பின்னாடி புகுந்து, வலதுபக்கம் புறவாசல் வழியா 1:21க்கு வெளியே போறார். பூனை மாதிரி நடந்ததுதான் பிரச்சினையே. சாதாரணமா நடந்திருந்தா யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க.

2023 ஜனவரியில் அத்தை போயிட்டாங்க. முதல் வருஷ திவசத்துக்கு இந்த வீடியோவை எல்லார் முன்னாடியும் போடணும்னு மதினி ஃபோன் பண்ணினா. "ஆனா அப்பாவ எடுத்திரு. எங்க போட்டாலும் எல்லாரும் வாளியப் பாத்துத்தான் சிரிக்காங்க. அம்மா பாட்ட ஒருத்தரும் கேக்க மாட்டேங்காங்க." ரெண்டு வாரம் டயம் குடுத்தா.

இதுக்கு முறை ஒண்ணு இருக்கு, சினிமாக்காரங்க தினமும் செய்யறதுதான். கேமரா இம்மியும் அசையாம நிக்கிற ஷாட்ல ஒரு ஆளை எடுக்கணும்னா, அவரைக் "கத்தரிச்சு" எடுக்க வேண்டியதில்லை. அவர் இல்லாதப்ப அதே இடம் எப்படி இருந்துதோ, அந்தப் படம் ஒண்ணு இருந்தாப் போதும். அதை அவர் மேல போர்த்திடலாம். அந்த வெறும் படத்துக்குப் பேர்தான் க்ளீன் ப்ளேட். ஷூட்டிங்ல ஆளெல்லாம் விலகி நிக்கச் சொல்லி அதை முப்பது வினாடி தனியா எடுத்து வச்சுக்குவாங்க. நான் எடுத்து வைக்கல. ஆனா ரெண்டு அதிர்ஷ்டம். ஒண்ணு, மாமா வர்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷத்துக்கு மேல வெறும் முத்தம் பதிவாகியிருக்கு. ரெண்டு, பாட்டு முடிஞ்சதும் "காப்பி குடிக்கியா?"ன்னு அத்தை எழுந்து போக, நானும் பின்னாடியே போயிட்டேன், கேமராவை அணைக்க மறந்து. 2:14ல இருந்து 2:55 வரைக்கும் அத்தையும் இல்லாத வீடு அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு.

முதல்ல செஞ்ச தப்பைச் சொல்லிடறேன். மாமா வர்றதுக்கு முந்தின ஒரே ஒரு ஃப்ரேமை உறைய வச்சு மேல போர்த்தினேன். நின்ன படமா பார்த்தா அப்பழுக்கில்ல. ஓடவிட்டுப் பார்த்தா, முத்தத்துல சுவரொட்டி ஒட்டின மாதிரி ஒரு செத்த துண்டு. காரணம் இதுதான்: நிழலான இடத்துல எடுத்த எந்த வீடியோவுலயும் புள்ளி புள்ளியா ஒரு இரைச்சல் கொதிச்சுக்கிட்டே இருக்கும். நாம அதைத் தனியா கவனிக்கிறதில்லை. ஆனா ஒரு இடத்துல மட்டும் கொதிப்பு நின்னுட்டா கண்ணு அங்கதான் போகும்.

அதனால ப்ளேட்டும் ஓடற வீடியோவா இருக்கணும். டாவின்சி ரிசால்வ் (காசில்லாத பதிப்புதான்) உள்ள அதே வீடியோவை இன்னொரு அடுக்கா வச்சு, 22 வினாடி தள்ளி வச்சேன். அதாவது 1:12ல கீழே மாமா நடக்கும்போது மேல் அடுக்குல 0:50ன் வெறும் முத்தம் ஓடும். வினாடிக்கு 25 ஃப்ரேம், ஆக 550 ஃப்ரேம் நகர்த்தல். இரைச்சல் உயிரோட இருக்கும், கொடியில் காயற துண்டும் ஆடும்.

போர்த்தறதுக்கு முன்னாடி ரெண்டும் பொருந்துதான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. மேல் அடுக்கை டிஃபரன்ஸ் முறையில் வச்சா, ரெண்டு படமும் ஒண்ணா இருக்கிற இடம் கறுப்பாயிடும், வேறுபடற இடம் மட்டும் வெளிச்சமாத் தெரியும். அதைப் பத்து மடங்கு பிரகாசமாக்கிப் பாருங்க. மொத்தமும் சாம்பலாத் தெரிஞ்சா வெளிச்சம் மாறியிருக்குன்னு அர்த்தம். தூண், கதவு எல்லாத்துக்கும் கோடு போட்ட மாதிரி மெல்லிசா ஓரம் தெரிஞ்சா கேமரா அசைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

எனக்கு ஓரம் தெரிஞ்சது. ஸ்டாண்டுல வச்ச கேமரா எப்படி அசையும்னு மண்டையைப் பிச்சுக்கிட்டேன். லென்ஸ்ல கை நடுக்கத்தைச் சரிக்கட்டற பொத்தான் ஒண்ணு இருக்கே, அதை அணைக்கல. நடுக்கமே இல்லாத இடத்துல அது தானா நடுக்கத்தைத் தேடி லேசா மிதந்துக்கிட்டே இருந்திருக்கு. முக்கால் பிக்சல் அளவுதான். ஆனா அது போதும், மறைப்போட விளிம்புல தூண் நெளியறதுக்கு. தூணோட ஒரு ஆணித்தலையைத் தடம் பிடிக்க வச்சு, ப்ளேட்டை மட்டும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நகர்த்திச் சரி பண்ணினேன். ஒரிஜினலை நகர்த்தக் கூடாது. பிக்சலைப் பின்னத்துல நகர்த்தினா படம் லேசா மழுங்கும், அந்த மழுங்கல் அத்தை முகத்துல விழ வேண்டாம்.

அப்புறம் மறைப்பு. மாமாவோட உருவத்தை ஓரம் ஓரமா வரையணும்னு நினைச்சுத்தான் பயந்துக்கிட்டிருந்தேன். தேவையே இல்லை. ப்ளேட் பொருந்தியிருந்தா மாமாவைச் சுத்தி எவ்வளவு தாராளமா எடுத்தாலும் வித்தியாசம் தெரியாது. தூணோட விளிம்பு வழியா மேல இருந்து கீழ ஒரு கோடு போட்டு, இடதுபக்கம் முழுசையும் ஏழு வினாடிக்கு ப்ளேட்டா மாத்திட்டேன். அத்தை வலதுபக்கம், அவங்களைத் தொடவே இல்லை. ஏழு வினாடி மாமா ஒரே ராத்திரியில் காலி. நானும் விஸ்வரூபம் எடுத்துப் பொண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவ ஒரு தடவை பார்த்துட்டு, "அந்தச் சிவப்பு என்ன?"ன்னா.

தூணுக்கு வலதுபக்கம், அத்தைக்குப் பின்னாடி ஒரு பித்தளை அண்டா. அதோட வயித்துல மிளகாய் விதை அளவு ஒரு சிவப்புப் புள்ளி, இடமிருந்து வலமா ஊர்ந்து போகுது. வாளி! ஆள் இல்லை, பிம்பம் மட்டும் நடந்து போகுது. மறுபடி டிஃபரன்ஸ் வச்சு, இந்தத் தடவை மாமாவை விட்டுட்டு மத்த இடங்களைப் பார்த்தேன். அப்பதான் தெரிஞ்சது, மனுஷன் என்னவெல்லாம் விட்டுட்டுப் போயிருக்கார்னு. நாலு மணி வெயில்ல அவரோட நிழல் நீண்டு, தூணைத் தாண்டி வலதுபக்கத் தரையில் தலையை நீட்டியிருக்கு. வெயில்ல அவர் வெள்ளை வேட்டி பளீர்னு அடிச்சு, தூணோட வலது முகம் ரெண்டு வினாடிக்கு லேசா வெளுக்குது. உருவம் கண்ணுக்குத் தெரியற இடத்தை மட்டும்தான் நான் மறைச்சிருக்கேன். அண்டாவுக்கு ஒண்ணு, நிழல் தலைக்கு ஒண்ணு, தூண் முகத்துக்கு ஒண்ணுன்னு மூணு குட்டி மறைப்பு போட்டேன். இதெல்லாம் ஓரம் நல்லா மெத்துன்னு இருக்கணும், ஏன்னா அந்த மாற்றங்களுக்கே கூரான ஓரம் கிடையாது.

அடுத்தது தண்ணி. இதை நான் சத்தியமா எதிர்பார்க்கல. மாமா வெளியே போனதும் 1:22ல மறைப்பை எடுத்துட்டு ஒரிஜினலுக்குத் திரும்பினேன். திரும்பின அந்த ஃப்ரேம்ல, காய்ஞ்சு கிடந்த தரையில் திடீர்னு ஏழெட்டு கரும்பொட்டு. வாளி தளும்பிச் சிந்தின சொட்டு! சிவப்புச் சாந்துத் தரையில் தண்ணி பட்டா கருஞ்சிவப்பாயிடும். ஆள் வரவே இல்லை, ஆனா தரை மட்டும் நனையுது. பாட்டு முடியற வரைக்கும் அது காயல. மெதுவா மங்கி மறைய வச்சாலும், யாரோ கண்ணுக்குத் தெரியாம தண்ணி தெளிக்கிற மாதிரி இருந்தது.

ஆக, 1:21ல முடிய வேண்டிய வேலை 2:10 வரைக்கும் நீண்டுது. சொட்டு விழுந்த பட்டைக்கு மட்டும் ஒரு நீள மறைப்பு. மீதி 49 வினாடிக்கும் முந்தின ஒரு நிமிஷத்துக் காய்ஞ்ச தரையையே ஓட விட்டேன். இங்க வெளிச்சம் படுத்தி எடுத்தது. வெயில் பத்து வினாடிக்குள்ள பெரிசா மாறாது, ஆனா ஒரு நிமிஷத்துல வெயில் திட்டோட விளிம்பு தரையில் ரெண்டு விரல்கடை நகர்ந்துடும். நடுவுல மேகம் வேற. அதனால ப்ளேட்டோட பிரகாசத்தை ஏழு இடத்துல கையால ஏத்தி இறக்கினேன். சரியா இருக்கான்னு பார்க்க, படத்தை நிறமில்லாமக் கறுப்பு வெள்ளையாக்கி, எல்லை தெரியுதான்னு தூரத்துல நின்னு பார்ப்பேன். பக்கத்துல உட்கார்ந்து உத்துப் பார்த்தா எல்லாமே சரியாத்தான் தெரியும், அது ஒரு சாபம்.

இவ்வளவுக்கு அப்புறம்தான் தலைக்குப் பின்னாடி போற அந்தக் கட்டம். ஒண்ணரை வினாடி, 38 ஃப்ரேம். பதினோரு ராத்திரியில் ஆறு இதுக்கே போச்சு.

இங்க தாராள மறைப்பு நடக்காது. மாமா பின்னாடி, அத்தை முன்னாடி. மாமாவை மூடணும், அத்தையை மூடக் கூடாது. அதனால அத்தை தலையோட ஓரத்தை ஃப்ரேம் ஃப்ரேமா வரைஞ்சே ஆகணும். பாடும்போது அவங்க லேசா ஆடுவாங்க, அதுவும் சீராக் கிடையாது. 22 வினாடி முந்தின ப்ளேட்டும் உதவாது, அதுல அவங்க தலை வேற இடத்துல இருக்கு. போர்த்தினா அத்தைக்கு ரெண்டு காது தெரியுது. இங்கதான் அந்தக் காப்பி புண்ணியம். அத்தை எழுந்து போன பிறகு ஓடின வெறும் வீடு. அதுல ஒரு வினாடியை எடுத்து, 25 ஃப்ரேமோட நடு மதிப்பை எடுத்து ஒரே படமாக்கினேன்:

```
ffmpeg -ss 00:02:20 -t 1 -i athai.mp4 f_%03d.png
magick f_*.png -evaluate-sequence median plate.png
```

இப்படிச் செஞ்சா இரைச்சல் எல்லாம் வடிஞ்சு சுத்தமான படம் கிடைக்கும். சுத்தமா இருக்கிறதால அப்படியே வைக்க முடியாது, முதல்ல சொன்ன சுவரொட்டிக் கதைதான். கடைசியில் செயற்கையா இரைச்சலைத் தூவி, பக்கத்துச் சுவரோட ஒப்பிட்டு அளவு வச்சேன். வெளிச்சத்தையும் ஒரு நிமிஷம் பின்னோக்கி இழுத்துப் பொருத்த வேண்டியிருந்தது.

அத்தைக்கு முடி முழுக்க நரை. காதோரம் பத்துப் பன்னெண்டு முடி பிரிஞ்சு பறக்கும். பின்னாடி மாமாவோட வெள்ளை வேட்டி. வெள்ளை மேல வெள்ளை! முடி எங்க முடியுது, வேட்டி எங்க ஆரம்பிக்குதுன்னு பிக்சலை எண்ணினாலும் தெரியல. மெல்லிசான முடி பாதி ஊடுருவித் தெரியும், அதுக்குள்ள வேட்டியோட வெள்ளையும் கலந்திருக்கும். மாமாவை எடுத்துட்டுப் பின்னாடி இருட்டுச் சுவரை வச்சா, அத்தை தலையைச் சுத்தி சாமி படம் மாதிரி ஒரு ஒளிவட்டம். கொஞ்சம் உள்ளே தள்ளி வரைஞ்சா ஒளிவட்டம் போகுது, கூடவே முடியும் போகுது, முடி வெட்டிக்கிட்ட மாதிரி ஆயிடுது. அந்த ஒண்ணரை வினாடி மட்டும்.

சரிக்கட்டினது இப்படி. கெட்டியான தலை வரைக்கும் நிஜம். பறக்கிற முடிகளை, மாமா வர்றதுக்கு ரெண்டு ஃப்ரேம் முன்னாடி இருந்த அத்தை தலையில் இருந்து தனியா எடுத்து, 38 ஃப்ரேமுக்கும் தலையோட அசைவுல கட்டி விட்டேன். அதாவது அந்த ஒண்ணரை வினாடி அத்தையோட பன்னெண்டு முடி உறைஞ்சு நிக்குது. இதை இங்க சொல்லிட்டதால நீங்க பார்த்தா கண்டுபிடிச்சிடுவீங்க. சொல்லாம யாரும் கண்டுபிடிக்கல :-)

சத்தம் ஒண்ணு பாக்கி. வாளிப் பிடி ரெண்டு தடவை "டக்"குங்குது. ஒண்ணு அத்தை மூச்சு விடற இடைவெளியில் விழுந்ததால, காப்பிக்குப் போன வெறும் வீட்டுச் சத்தத்தைத் துண்டு வெட்டி அங்க வச்சு மூடியாச்சு. இடைவெளியில் சுத்தமா மௌனம் வச்சீங்கன்னா அதுவும் ஒரு ஓட்டை மாதிரிக் கேக்கும், அதனால வீட்டோட சத்தமே வேணும். இன்னொரு "டக்" அவங்க இழுக்கற ராகத்துக்கு நடுவுல. அதைத் தொட்டா குரல் போகும். விட்டுட்டேன். அடுக்களையில் யாரோ பாத்திரம் வைக்கிறாங்கன்னு இருக்கட்டும்.

எல்லாம் முடிஞ்சு முதல் தடவையா நான் வேலையைப் பார்க்காம பாட்டைப் பார்த்தேன். 1:17ல அத்தை ஓரக்கண்ணால ஒரு பார்வை பார்க்கிறாங்க, தூண் பக்கம். பாட்டு நிக்கல, ஆனா உதட்டோரம் ஒரு சிரிப்பு. அந்த அடி லேசா இழுத்துக்கிட்டு முடியுது. மாமா நின்ன அந்த நொடி. இத்தனை ராத்திரி அந்த ஃப்ரேம்களை நூறு தடவை பார்த்திருக்கேன், என் கண்ணு முழுக்க தூண் விளிம்புலயே இருந்திருக்கு.

இப்ப அங்க யாரும் இல்லை. அத்தை வெறும் தூணைப் பார்த்துச் சிரிக்கிறாங்க.

அதை எடுக்கவும் வழி இருந்தது. கண்ணை மட்டும் பக்கத்து ஃப்ரேம்ல இருந்து எடுத்து ஒட்டலாம், முடிக்குச் செஞ்ச மாதிரியே. கண் வரைக்கும் மறைப்பு வரைஞ்சேன், நிஜமாவே வரைஞ்சேன். அப்புறம் அழிச்சுட்டேன்.

திவசத்தன்னைக்கு முத்தத்துலயே வெள்ளை வேட்டி கட்டிப் போட்டோம். யாரும் சிரிக்கல. மதினி அழுதா, சித்தப்பா அழுதார், பாட்டோட வார்த்தை ஒவ்வொண்ணும் கேட்டுச்சு. வேலை கச்சிதம். மாமா முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், 84 வயசு. எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் என்னைக் கையசைச்சுக் கூப்பிட்டார்.

"ஏல, இந்த எடத்துல அவ என்னயப் பாத்துல்லா சிரிச்சா. நான் எங்கல?"

மதினி சொல்லித்தான்னு ஆரம்பிச்சேன். ப்ளேட், மறைப்புன்னு என்னவோ உளறினேன். பொறுமையாக் கேட்டுக்கிட்டார். "வாளியுமா எடுத்துட்ட?"ன்னார்.

"ஆமா மாமா."

"தண்ணி சிந்துனதுக்கு உள்ள போய் ஏசுனா, தெரியுமா? நீ காப்பி குடிச்சிட்டிருந்த."

ராத்திரி பஸ் ஏறறதுக்கு முன்னாடி அவர் ஃபோன்ல ஒரிஜினலை ஏத்திக் குடுத்தேன். இப்பவும் யார் வீட்டுக்கு வந்தாலும் அதைத்தான் போட்டுக் காட்டறாராம். 1:12 வந்ததும் "இந்தா வாரேன் பாரு"ன்னு சொல்லுதாராம், மதினிதான் ஃபோன்ல புலம்பினா.